எழுபது பேர் லாங், முப்பது பேர் ஷார்ட்: அந்த எண்ணை எப்படிப் படிப்பது

ஓர் இரவு பதினோரு மணி இருக்கும். சித்தி மகன் போனை என் முன் நீட்டினான். திரையில் பச்சையும் சிவப்புமாக ஒரு பட்டை: லாங் 70%, ஷார்ட் 30%. "அண்ணா, நூத்துக்கு எழுபது பேர் ஏறும்னு நிக்கிறாங்க. இத்தனை பேருமா தப்பா இருப்பாங்க?" என்றான். பிட்காயின் அன்று பகலிலிருந்தே இறங்கிக்கொண்டிருந்தது. அவன் ஏற்கெனவே ஒரு லாங் எடுத்து, இறங்கியதும் இன்னொன்று சேர்த்திருந்தான். இரண்டுமே 20 மடங்கு லெவரேஜ், அதாவது கையில் போட்ட பணத்தைப் போல 20 மடங்குக்குப் பொசிஷன். விடிவதற்குள் இரண்டும் லிக்விடேட் ஆகி, போட்ட பணமும் போய்விட்டது. அன்று நான் அரைகுறையாகச் சொன்ன பதிலை முழுதாக எழுதுவதுதான் இந்தக் கட்டுரை. இதே பட்டையைப் பார்த்துவிட்டு ஆர்டர் போடும் புதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பைனான்ஸ் எக்ஸ்சேஞ்சில், காலாவதித் தேதி இல்லாத ஃபியூச்சர்ஸான BTCUSDT பெர்பெச்சுவல் ஒப்பந்தத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அங்கே இந்தத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது, கணக்குகூடத் தொடங்க வேண்டியதில்லை.

முதலில்: அது தலைகளை எண்ணுகிறது, பணத்தை எண்ணுவதில்லை

லாங் ஷார்ட் அக்கவுண்ட் ரேஷியோ என்பது, அந்த ஒப்பந்தத்தில் லாங் வைத்திருக்கும் கணக்குகளின் எண்ணிக்கையை ஷார்ட் வைத்திருக்கும் கணக்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. ஆயிரம் ரூபாய் போட்டவரும் ஒரு தலை, பத்துக் கோடி போட்டவரும் ஒரு தலை.

இதில் புதியவர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. ஃபியூச்சர்ஸில் ஒருவர் லாங் வாங்கினால் எதிரே ஒருவர் ஷார்ட் விற்றாக வேண்டும். ஆகவே பண அளவில் மொத்த லாங்கும் மொத்த ஷார்ட்டும் எப்போதும் சரிசமம். "வாங்குபவர்கள் அதிகம்" என்ற நிலையே இந்தச் சந்தையில் கிடையாது.

சின்னதாக ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மொத்தமே பத்துக் கணக்குகள் உள்ள சந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு பேர் லாங், ஆளுக்கு 0.3 பிட்காயின். மொத்தம் 2.1. எதிரே மூன்று பேர்தான் ஷார்ட். அவர்களும் மொத்தம் 2.1 வைத்திருந்தாக வேண்டும், அதாவது ஆளுக்கு 0.7. ரேஷியோ 7-ஐ 3-ஆல் வகுத்தால் 2.33. சராசரி ஷார்ட்டின் அளவை சராசரி லாங்கின் அளவால் வகுத்தாலும் அதே 2.33 தான். இது தற்செயல் இல்லை, எந்த எண்ணைப் போட்டாலும் இப்படித்தான் வரும்.

அதாவது ரேஷியோ 2.33 என்று திரையில் தெரிந்தால், "ஒரு பக்கம் சின்னச் சின்னக் கைகள் நிறைய, மறுபக்கம் சராசரியில் அவற்றைவிட 2.33 மடங்கு பெரிய கைகள் கொஞ்சம்" என்றுதான் அதைப் படிக்க வேண்டும். என் தம்பி அதை "நிறையப் பேர் என் பக்கம்" என்று படித்தான்.

அதற்காக, அந்தப் பெரிய கைகளெல்லாம் விலை இறங்கும் என்று பந்தயம் கட்டியவை என்றும் நினைத்துவிடாதீர்கள். கையில் நிஜ பிட்காயினை வைத்துக்கொண்டு அதற்குச் சமமாக ஷார்ட் போட்டு, லாங் பக்கமும் ஷார்ட் பக்கமும் ஒருவருக்கொருவர் அவ்வப்போது கட்டும் ஃபண்டிங் தொகையை மட்டும் வசூலிப்பவர்கள் உண்டு. இரு பக்கமும் விலை சொல்லி வாழும் மார்க்கெட் மேக்கர்களும் உண்டு. விலை ஏறினாலும் இறங்கினாலும் இவர்களுக்குக் கவலையில்லை. ஆகவே "ஷார்ட்டில் இருப்பவர்கள் புத்திசாலிகள், அவர்கள் பின்னாலேயே போவோம்" என்ற சுலப வழியும் இங்கே இல்லை.

தரவை எடுப்பது

டெர்மினலில் இதைப் போட்டால் போதும்:

```
curl "https://fapi.binance.com/futures/data/globalLongShortAccountRatio?symbol=BTCUSDT&period=2h&limit=360"
```

ஒவ்வொரு வரியிலும் `longAccount`, `shortAccount`, `longShortRatio`, `timestamp` என்று வரும். `longAccount` 0.70 என்றால் 70%. ரேஷியோ மட்டும் கையில் இருந்தால் அதை, அதனுடன் 1 கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் லாங் பங்கு கிடைக்கும். நேரம் மில்லிசெகண்டில், யூ.டி.சி. கணக்கில் இருக்கும். இந்திய, இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஏன் 2 மணி நேர இடைவெளி என்று கேட்கலாம். அங்கே கடைசி 30 நாள் தரவு மட்டும்தான் கிடைக்கும், ஒரு தடவைக்கு அதிகபட்சம் 500 வரிகள். ஒரு மணி நேர இடைவெளி வைத்தால் 30 நாளுக்கு 720 வரி வரும், ஒரே இழுப்பில் அடங்காது. 2 மணி என்றால் 360, கச்சிதமாக அடங்கிவிடும். 30 நாளுக்கு முந்தையது பிறகு கிடைக்காது என்பதால், இன்றிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வைக்கத் தொடங்குங்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் கோப்பின் அருமை தெரியும்.

இதே இடத்தில் `topLongShortAccountRatio`, `topLongShortPositionRatio` என்று இன்னும் இரண்டு உண்டு. மார்ஜின் இருப்பில் மேல் 20 சதவீதத்தில் உள்ள கணக்குகளை மட்டும் இவை எடுத்துக்கொள்கின்றன. முன்னது அவர்களிலும் தலையைத்தான் எண்ணும், பின்னது பொசிஷனின் அளவைப் பார்க்கும். பொதுக் கணக்கு ரேஷியோ ஏறிக்கொண்டே போகும்போது இந்தப் பின்னது இறங்கினால், பெரிய கணக்குகள் எதிர்ப்பக்கம் நகர்கின்றன என்று தெரியும். ஆனால் மேல் 20 சதவீதம் என்பது ஐந்தில் ஒருவர். அதிலும் சாதாரண ஆட்கள் ஏராளம், "திமிங்கிலங்கள்" என்று பெயர் வைத்துவிட வேண்டாம்.

1 என்பது நடுக்கோடு கிடையாது

ரேஷியோ 1-ஐத் தாண்டினாலே "எல்லோரும் லாங்" என்று பதறுபவர்கள் இருக்கிறார்கள். சின்ன முதலீட்டாளர்களுக்கு இயல்பாகவே ஏறும் பக்கம்தான் சாய்வு. வாங்கிப் பழகியவர்களுக்கு விற்றுத் தொடங்குவது மனதுக்கு ஒட்டாது. ஆகவே பல காயின்களில் சாதாரண நாளிலேயே ரேஷியோ 1-க்கு மேல்தான் நிற்கும். சில ஆல்ட்காயின்களில் 2, 3 என்பதுகூட ஒரு செய்தியே இல்லை. ஒரு காயினின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடவே கூடாது. அதன் சொந்த 30 நாளோடு ஒப்பிட வேண்டும்.

```python
import requests
u = "https://fapi.binance.com/futures/data/globalLongShortAccountRatio"
p = {"symbol": "BTCUSDT", "period": "2h", "limit": 360}
r = [float(x["longShortRatio"]) for x in requests.get(u, params=p).json()]
print(r[-1], sum(v < r[-1] for v in r) / len(r))
```

கடைசியில் இரண்டு எண்கள் வரும். முதலாவது இப்போதைய ரேஷியோ. இரண்டாவது, கடந்த 30 நாளில் எத்தனை பங்கு நேரம் ரேஷியோ இதைவிடக் குறைவாக இருந்தது என்பது. 0.95 வந்தால், இந்த மாதத்தில் இதைவிடக் கூட்டம் கூடியிருந்த நேரம் அநேகமாக இல்லை. 0.50 வந்தால் பட்டை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அதில் விசேஷம் எதுவும் இல்லை, மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

கூட்டம் ஏன் தப்பான பக்கத்தில் மாட்டுகிறது

இதில் என் கருத்து கொஞ்சம் வேறு. "கூட்டத்துக்கு அறிவு கிடையாது, அதற்கு எதிராகப் போ" என்பார்கள். ரேஷியோவையும் விலையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து ஒரு மாதம் பார்த்தால் வேறொன்று கண்ணில் படும். பிட்காயினில் பெரும்பாலும் இவை இரண்டும் எதிரெதிராகவே நகர்கின்றன. விலை இறங்கும்போது ரேஷியோ ஏறுகிறது, விலை ஏறும்போது ரேஷியோ இறங்குகிறது.

காரணம் சாதாரணமானது. விலை இரண்டு சதவீதம் இறங்கியதும் "மலிவாகக் கிடைக்கிறது" என்று புதிதாகச் சிலர் லாங் எடுக்கிறார்கள். ஏற்கெனவே லாங்கில் இருந்து நஷ்டத்தில் நிற்பவர்கள் "போட்ட விலை வரட்டும்" என்று வெளியே வராமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஷார்ட்டில் லாபம் பார்த்த சிறியவர்களோ கிடைத்தது போதும் என்று உடனே மூடிவிடுகிறார்கள். மூன்றுமே லாங் தலைகளின் பங்கைக் கூட்டுகின்றன. விலை ஏறும்போது இதே மூன்றும் தலைகீழாக நடக்கும். லாங் வைத்திருந்தவர் சீக்கிரம் லாபத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார், "இவ்வளவு ஏறிவிட்டதே, இனி இறங்கித்தானே ஆக வேண்டும்" என்று சிலர் ஷார்ட் போடுவார்கள்.

லாபத்தைச் சட்டென்று எடுப்பதும் நஷ்டத்தைக் கட்டிக்கொண்டு அழுவதும் பங்குச் சந்தையில் நன்றாகவே அளந்து காட்டப்பட்ட பழக்கம். டெரன்ஸ் ஓடியன் 1998-இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் அமெரிக்கத் தரகு நிறுவனத்தின் 10,000 கணக்குகளை எடுத்துப் பார்த்தார். லாபத்தில் இருந்த பங்குகளை மக்கள், நஷ்டத்தில் இருந்தவற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகமாக விற்றிருந்தார்கள். அப்படி அவர்கள் விற்ற லாபப் பங்குகள், விற்காமல் வைத்திருந்த நஷ்டப் பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளி கூடுதலாகத் தந்தன.

ஆகவே ரேஷியோ உச்சத்தில் நிற்கிறது என்றால், பெரும்பாலும் அதற்குப் பொருள்: விலை ஏற்கெனவே இறங்கிவிட்டது, நிறையச் சின்னக் கைகள் அந்த இறக்கத்துக்குக் குறுக்கே நிற்கின்றன. இறக்கம் தொடர்ந்தால் கூட்டம் "தப்பாகிவிட்டது" என்போம். அங்கே நின்றுவிட்டால், அதே கூட்டம் லாபத்தோடு கலைந்துபோகும், யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். பக்கவாட்டில் ஆடும் சந்தையில் இறக்கத்தில் வாங்கும் சின்ன ஆட்கள் பல தடவை ஜெயிக்கவே செய்கிறார்கள். பத்து தடவை கொஞ்சம் கொஞ்சமாக ஜெயித்ததைப் பதினோராவது தடவையில் மொத்தமாக விடுவதுதான் நடக்கிறது. அதற்குக் காரணம் லெவரேஜ்.

லெவரேஜ் எப்படி எரிபொருள் ஆகிறது

60,000 டாலரில் 20 மடங்கு லெவரேஜில், ஐசோலேட்டட் மார்ஜினில், அதாவது அந்தப் பொசிஷனுக்கென்று ஒதுக்கிய பணத்தில் மட்டும், ஒரு லாங். ஒரு பிட்காயினுக்கு மார்ஜின் 3,000 டாலர். பொசிஷன் மூடப்படாமல் நிற்க மிச்சம் இருந்தாக வேண்டிய பணம் மெயின்டனன்ஸ் மார்ஜின்; மிகச் சிறிய பொசிஷன்களுக்கு அதை 0.4% என்று எடுத்துக்கொண்டால், 57,000-ஐ 0.996-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 57,229 வரும். விலை 4.6% இறங்கினாலே எக்ஸ்சேஞ்ச் அந்தப் பொசிஷனைத் தானே மூடிவிடும். லாங்கை மூடுவது என்றால் சந்தையில் விற்பது. அந்த விற்பனை விலையை இன்னும் தள்ளும், அடுத்தவரின் லிக்விடேஷன் விலையைத் தொடும், அவருடையதும் விற்கப்படும்.

ஒரு மாதிரி நாளை வைத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை, ஆனால் வடிவம் அடிக்கடி பார்க்கும் ஒன்றுதான்.

| நேரம் | விலை (டாலர்) | ரேஷியோ | ஓ.ஐ. (பிட்காயின்) |
|---|---|---|---|
| காலை 6 | 60,000 | 1.25 | 80,000 |
| பகல் 12 | 59,000 | 1.60 | 83,000 |
| மாலை 6 | 58,200 | 2.05 | 87,000 |
| இரவு 10 | 56,400 | 2.10 | 76,000 |

ஓ.ஐ. என்பது ஓப்பன் இன்ட்ரஸ்ட், மூடப்படாமல் நிற்கும் ஒப்பந்தங்களின் மொத்த அளவு. `openInterestHist` என்ற இடத்தில் கிடைக்கும். அதில் `sumOpenInterest` காயின் கணக்கு, `sumOpenInterestValue` டாலர் கணக்கு. காயின் கணக்கையே எடுங்கள். டாலர் கணக்கு, யாருமே எதையும் மூடாவிட்டாலும் விலை இறங்கினால் தானாக இறங்கிவிடும், நீங்கள் ஏமாந்துபோவீர்கள்.

காலையிலிருந்து மாலைக்குள் விலை 3% இறங்கியது. லாங் தலைகள் சுமார் 56 சதவீதத்திலிருந்து 67-க்கு ஏறின, ஓ.ஐ.யும் 7,000 கூடியது. யாரோ பெரிய அளவில் புதிதாக விற்க, சின்னவர்கள் நிறையப் பேர் புதிதாக வாங்கியிருக்கிறார்கள். கவனிக்க வேண்டிய கட்டம் இதுதான். ரேஷியோ மட்டும் ஏறி ஓ.ஐ. அப்படியே நின்றாலோ இறங்கினாலோ, ஷார்ட்காரர்கள் லாபம் எடுத்து வெளியேறியதால்கூட அப்படி ஆகலாம். அதில் அவ்வளவு ஆபத்து இல்லை. விலை இறங்க, ரேஷியோ ஏற, ஓ.ஐ.யும் ஏறினால் எரிபொருள் சேர்கிறது.

இப்போது இரவு வரியைப் பாருங்கள். காலையில் 60,000-இல் 20 மடங்கில் வாங்கியவர்கள் 57,229-லேயே போய்விட்டார்கள். பகலில் 59,000-இல் வாங்கியவர்களுக்கு லிக்விடேஷன் சுமார் 56,275. விலை அதற்கு 125 டாலர் மேலே நிற்கிறது. இத்தனை நடந்தும் ரேஷியோ இறங்கவில்லை, 2.10 என்கிறது. போனவர்களின் இடத்தில் "இவ்வளவு மலிவா" என்று புதியவர்கள் வந்துவிட்டார்கள். ரேஷியோவை மட்டும் பார்த்தவருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. 87,000-லிருந்து 76,000-க்கு விழுந்த ஓ.ஐ.தான் கூட்டம் வெளியே தள்ளப்பட்டதைச் சொல்கிறது.

ஃபண்டிங்கையும் ஒரு பார்வை பாருங்கள். BTCUSDT-க்கு 8 மணி நேரத்துக்கு ஒரு முறை, நம் நேரப்படி காலை 5:30, பகல் 1:30, இரவு 9:30. எண் பாசிட்டிவ் என்றால் லாங் வைத்திருப்பவர் ஷார்ட் வைத்திருப்பவருக்குக் கட்டுகிறார். 0.01% சாதாரணம். 0.05% ஆகிவிட்டால் ஒரு நாளைக்கு பொசிஷன் மதிப்பில் 0.15%. 20 மடங்கில் அது உங்கள் மார்ஜினில் தினம் 3%. விலை அசையாமல் நின்றாலும் கூட்டம் இப்படிக் கரைந்துகொண்டிருக்கும்.

பார்த்த பிறகு என்ன செய்வது

மூன்றும் சேர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள்: ரேஷியோவின் 30 நாள் இடம், அதாவது மேலே நிரல் தரும் இரண்டாவது எண், 0.90-க்கு மேல், விலை எதிர்த்திசையில், ஓ.ஐ. ஏற்றத்தில். நின்றால், கூட்டத்தின் பக்கம் புதிதாகச் சேராதீர்கள். ஏற்கெனவே அந்தப் பக்கம் இருந்தால் அளவையோ லெவரேஜையோ குறைத்துவிடுங்கள். அவ்வளவுதான். ரேஷியோ உச்சத்தில் இருக்கிறது என்பதற்காகவே எதிர்ப்பக்கம் பொசிஷன் எடுப்பதை நான் சொல்லிக்கொடுக்க மாட்டேன். உச்சம் வாரக்கணக்கில் உச்சமாகவே நிற்கும், நடுவில் விலை 5% துள்ளினால் எதிராகப் போனவரும் அதே லெவரேஜில் காலியாவார்.

எதிர்ப்பக்கம் சரியாக இருந்தவர்களுக்கும் உத்தரவாதம் இல்லை என்பதை 2025 அக்டோபர் 10 காட்டியது. சீனப் பொருட்கள் மீது கூடுதலாக 100% வரி என்று டிரம்ப் அறிவித்த அன்று, காயின்கிளாஸ் தளத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 1,900 கோடி டாலருக்கு மேல் பொசிஷன்கள் லிக்விடேட் ஆயின. அதில் பெரும்பகுதி லாங். விழுந்த வேகத்தில் பல எக்ஸ்சேஞ்சுகளில் ஆட்டோ டீலெவரேஜிங் ஓடியது, அதாவது லாபத்தில் இருந்த ஷார்ட்களையும் எக்ஸ்சேஞ்சே வலுக்கட்டாயமாக மூடியது. காயினை வைத்துக்கொண்டு காப்புக்காக ஷார்ட் போட்டிருந்தவர்களுக்கு அந்த நிமிடத்தில் காப்பு மட்டும் காணாமல் போனது. அப்புறம், இதைத் தூண்டியது ஒரு செய்தி. எவ்வளவு விறகு குவிந்திருக்கிறது என்பதற்கு ரேஷியோவில் ஒரு குறிப்பு இருக்கும். தீப்பொறி எப்போது வரும் என்பது அதில் இருக்காது.

இன்னும் சில எல்லைகள். இது ஒரே எக்ஸ்சேஞ்சின் எண், பக்கத்து எக்ஸ்சேஞ்சில் கூட்டம் வேறு பக்கம் நிற்கலாம். ஒரே ஆள் பல கணக்குகள் வைத்திருந்தால் பல தலைகளாக எண்ணப்படுவார். அதிகம் கைமாறாத சின்னக் காயின்களில் கணக்குகள் குறைவு என்பதால் ரேஷியோ காரணமில்லாமல் துள்ளும்.

நிஃப்டி பார்ப்பவர்களுக்கு ஒன்று. என்.எஸ்.இ. தினமும் வெளியிடும் பங்கேற்பாளர் வாரியான ஓ.ஐ. பட்டியலில் கிளையன்ட், டி.ஐ.ஐ., எஃப்.ஐ.ஐ., புரோ என்று நான்கு பிரிவுகள் இருக்கும். அது எண்ணுவது ஒப்பந்தங்களை, கணக்குகளை அல்ல. ஆகவே "எஃப்.ஐ.ஐ. லாங் ஷார்ட் ரேஷியோ" என்று பேசப்படுவதும் நாம் இங்கே பார்த்ததும் ஒரே பெயரில் உலவும் இரண்டு வேறு எண்கள். மேலே போட்ட பத்துக் கணக்கு உதாரணத்தை அங்கே கொண்டுபோனால் பொருந்தாது.

கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை ஒரு நோட்டு. இடது பக்கம் தேதி, ரேஷியோவின் இடம், ஓ.ஐ. மாற்றம், விலை. வலது பக்கம் 24 மணி நேரம் கழித்து விலை எங்கே இருந்தது. பணம் போடாமல் முப்பது வரிகள் சேருங்கள். தம்பி இப்போது தினமும் இரவு 9:30 ஃபண்டிங் முடிந்ததும் ஒரு வரி எழுதுகிறான். போன வாரம் என்னிடம் காட்டினான், நாற்பத்தொரு வரிகள். ரேஷியோவின் இடம் 0.90-க்கு மேல் இருந்த நாட்களைப் பேனாவால் வட்டமிட்டிருந்தான். அவற்றில் ஓ.ஐ.யும் சேர்ந்து ஏறிய நாட்கள் எத்தனை என்று கேட்டேன். நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு எண்ண ஆரம்பித்தான்.